ராமேஸ்வரம் போய்வந்த கணக்கை ஒரே மெசேஜில் முடிப்பது எப்படி?

குடும்பமாக டூர் போய் வந்தால் திங்கட்கிழமை குரூப்பில் போட்டோ வரும், செவ்வாய்க்கிழமை வீடியோ வரும். கணக்கு மட்டும் வராது. அதிகம் செலவு செய்தவர் பெரியவராக இருப்பார், அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். கொடுக்க வேண்டியவர்களுக்கோ எவ்வளவு என்று தெரியாது. "எவ்வளவு மாமா தரணும்?" என்று கேட்டால் "அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்பார். இந்தப் 'பெறகு' அடுத்த டூர் வரைக்கும் நீளும்.

எங்கள் வீட்டில் இதற்குக் கண்ட வழி, ஒரே ஒரு மெசேஜ். யார் எவ்வளவு போட்டார், யார் யாருக்குத் தரணும், எந்தத் தேதிக்குள் தரணும் என்ற மூன்றும் அதில் இருக்கும். அதை எப்படித் தயார் செய்வது என்பதை, ஜனவரியில் ராமேஸ்வரம் போய்வந்த கணக்கை வைத்தே சொல்கிறேன்.

போனது நாலு வீடு. வில்லாபுரம் அண்ணன் வீட்டில் அண்ணன், அண்ணி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்கள். செல்லூர் மாமா வீட்டில் மாமா, அத்தை, கல்லூரி படிக்கிற இரண்டு பெண்கள். திருநகர் சித்தியும் அவர் மகனும். அப்புறம் நாங்கள்: அம்மா, நான், என் மனைவி, மடியில் ஒரு கைக்குழந்தை. சனிக்கிழமை விடிவதற்குள் ஒவ்வொரு வீடாக ஏற்றிக்கொண்டு வேன் விரகனூர் ரவுண்டானாவைத் தாண்டியது. ஞாயிறு ராத்திரி திரும்பினோம்.

கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டியது

சண்டை வருவது கூட்டல் கழித்தலில் அல்ல, எதை எதால் வகுப்பது என்பதில்தான். அதைச் செலவு ஆன பிறகு பேசினால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான முறையைச் சொல்வதுபோல் தோன்றும். கிளம்பும் முன் பேசினால் அது வெறும் ஏற்பாடு. நாங்கள் பேசி வைத்தது இவ்வளவுதான்.

வேன், டோல், டிரைவர் பேட்டா, சாப்பாடு எல்லாம் தலைக்கு. பெரியவர்களுக்கு ஒரு பங்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, கைக்குழந்தைக்குப் பங்கு இல்லை. பையன்கள் வேனில் முழு சீட்டில்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் சாப்பாட்டில் பாதிதான் செல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அரை என்பது சரியாக வரும். அந்தக் கணக்கில் அண்ணன் வீட்டுக்கு 3 பங்கு, மாமா வீட்டுக்கு 4, சித்தி வீட்டுக்கு 2, எங்களுக்கு 3. மொத்தம் 12.

ரூம் மட்டும் தலைக்கு இல்லை, வீட்டுக்கு. வீட்டுக்கு ஒரு ரூம் எடுத்ததால், அதில் இரண்டு பேர் தூங்கினாலும் நாலு பேர் தூங்கினாலும் வாடகை ஒன்றுதான். இதைத் தலைக்கு வகுத்திருந்தால் சித்தி ரூமுக்கான வாடகையில் ஒரு பகுதியை மாமா கட்டுவதாக ஆகியிருக்கும்.

எல்லோருக்கும் பொருந்தாத செலவு, அனுபவித்தவர்களுக்கு மட்டும். ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம் ஆடுவதற்கு ஆளுக்கு 25 ரூபாய் டிக்கெட். அம்மாவும் சித்தியும் அந்தக் குளிரில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேர்தான் ஆடினார்கள், அந்த 200 ரூபாய் அந்த எட்டுப் பேருக்கு.

அர்ச்சனையும் உண்டியலும் கணக்கிலேயே வராது. அது அவரவர் புண்ணியம்.

கடைசியாக ஒன்று. பங்கு தலைக்கு என்றாலும் பாக்கி வீட்டுக்குத்தான். அண்ணி கொடுத்தாரா, அண்ணன் கொடுத்தாரா என்று பார்க்கத் தொடங்கினால் பதினாலு பேர் கணக்காகிவிடும். பணம் எந்தப் பையிலிருந்து வந்தாலும் அது 'அண்ணன் வீடு'.

வழியில் எழுதுவது

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி. அதில் ஐந்து விஷயம் இருக்கணும்: நாள், எதற்கு, எவ்வளவு, யார் கொடுத்தது, யாருக்காக. பலரும் முதல் நாலை எழுதிவிட்டு ஐந்தாவதை விட்டுவிடுவார்கள். 'கருவாடு 450 மாமா' என்று மட்டும் எழுதியிருந்தால், பத்து நாள் கழித்து அது எல்லோரும் வாங்கியதா, ஒருவருக்கு வாங்கியதா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது அண்ணி வாங்கியது. கடையில் அவர் போனில் சிக்னல் கிடைக்கவில்லை என்று மாமா காசைக் கொடுத்தார். எனவே என் வரி 'ஞாயிறு, கருவாடு, 450, மாமா, அண்ணன் வீட்டுக்கு' என்று இருந்தது.

நான் எழுதியது வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் சாட்டில். குரூப்பில் எழுதினால் பாம்பன் பாலத்து செல்ஃபிகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். ஒரே ஆள் எழுதுவதும் முக்கியம். இரண்டு பேர் எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

ஜிபேயில் கொடுத்ததைப் பற்றிப் பயமில்லை. வாரம் கழித்துக்கூட போனில் நேரத்தோடு, தொகையோடு இருக்கும். காணாமல் போவது கையில் கொடுத்த காசுதான்: டீ, பார்க்கிங், டிரைவர் பேட்டா. ராத்திரி ரூமுக்குப் போனதும் "இன்னைக்கு யாரெல்லாம் கையில காசு குடுத்தீங்க?" என்று ஒரு முறை கேட்டுவிடுவேன். இந்த ஒரு கேள்வியில்தான் மாமா கொடுத்த டீக்காசு 390 வெளியே வந்தது. கேட்காவிட்டால் அவர் சொல்லியே இருக்க மாட்டார்.

அண்ணன் பிள்ளைகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமை நான் எழுதவில்லை. "இது என் கணக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை 'அன்பளிப்பு' என்றுகூட எழுதக் கூடாது. எழுதினால் மற்றவர்களும் பதிலுக்கு ஏதாவது வாங்கித் தரணுமோ என்று நினைப்பார்கள்.

செலவுகளைப் பிரித்து அடுக்குவது

வீடு வந்த மறுநாள் வரிகளை எடுத்து நாலு கட்டாகப் பிரித்தேன்.

தலைக்கு வகுக்க வேண்டியதில் பெரியது வேன் வாடகை, டீசலோடு 12,600. அதில் 3,000 நான் முன்பணமாகக் கொடுத்தது, மீதி 9,600 மாமா கொடுத்தது. டிரைவர் பேட்டா 1,000, டோலும் பார்க்கிங்கும் 680, இரண்டும் மாமா. சாப்பாட்டில் பரமக்குடி காலை டிபன் 1,150 நான், முதல் நாள் மதியம் 2,160 அண்ணன், ராத்திரி 1,740 சித்தி, மறுநாள் காலை 1,080 மாமா, மதியம் 2,280 சித்தி, டீ 390 மாமா. ஆக மொத்தம் 23,080.

ரூம் நாலு, ஒன்று 1,800. மொத்தம் 7,200, அண்ணன் கொடுத்தது. தீர்த்தம் 200, சித்தி மகன் கொடுத்தது. கருவாடு 450.

எல்லாம் சேர்த்து 30,930.

முன்பணத்தில்தான் நான் முதலில் தவறினேன். என் வரியில் 'வேன் முன்பணம் 3,000, நாங்கள்' என்று இருந்தது. மாமா ராத்திரி சொன்ன கணக்கில் 'வேன் 12,600' என்று இருந்தது. அவர் சொன்னது முழு வாடகை, கையில் கொடுத்தது 9,600. இரண்டையும் அப்படியே கூட்டினால் வேன் 15,600 ஆகிவிடும். முன்பணம் கொடுத்த எந்தச் செலவிலும் இந்தத் தவறு வரும், ரூமிலும் வரும். கண்டுபிடிக்க ஒரே வழி, 'யார் எவ்வளவு கொடுத்தார்' என்று மட்டும் பார்க்காமல் 'இந்தப் பொருளின் மொத்த பில் எவ்வளவு' என்று திருப்பிப் பார்ப்பது. வேன்காரர் கொடுத்த ரசீதில் 12,600 என்றிருந்ததால் பிடிபட்டது.

பங்கு போடுவது

23,080-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 1,923 ரூபாய் 33 காசு. இங்கே காசை வெட்டிவிட்டு 1,923 என்று வைத்துப் பெருக்கினால் 12 பங்குக்கு 23,076 தான் வரும். நாலு ரூபாய் எங்கே போனது என்று யாராவது ஒருத்தர் கேட்பார், கட்டாயம் கேட்பார். அதனால் காசோடு பெருக்கிவிட்டு, வீட்டுக் கணக்கு வந்த பிறகு முழு ரூபாய் ஆக்கணும். அண்ணன் வீட்டுக்கு 5,770, மாமாவுக்கு 7,693, சித்திக்கு 3,847, எங்களுக்கு 5,770. கூட்டிப் பார்த்தால் 23,080, ஒரு ரூபாய் குறையவில்லை. சில கணக்கில் இப்படிச் செய்தும் ஒரு ரூபாய் இடிக்கும். அப்போது கணக்கு எழுதுகிறவர் அதைத் தன் வீட்டில் ஏற்றிக்கொள்வதுதான் மரியாதை.

இதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ரூம் 1,800. தீர்த்தத்துக்கு அண்ணன் வீட்டில் இரண்டு பேர், அதனால் 50. மாமா வீட்டில் நாலு பேர், 100. சித்தி வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒவ்வொருவர், 25. கருவாடு 450 முழுவதும் அண்ணன் வீட்டுக்கு. அப்புறம் ஒரே சூத்திரம்:

```
மீதி = கொடுத்தது − பங்கு
```

| வீடு | கொடுத்தது | பங்கு | மீதி |
|---|---|---|---|
| செல்லூர் மாமா | 13,200 | 9,593 | +3,607 |
| வில்லாபுரம் அண்ணன் | 9,360 | 8,070 | +1,290 |
| திருநகர் சித்தி | 4,220 | 5,672 | −1,452 |
| நாங்கள் | 4,150 | 7,595 | −3,445 |
| மொத்தம் | 30,930 | 30,930 | 0 |

கடைசி வரிதான் சோதனை. கொடுத்ததும் பங்கும் ஒரே தொகையாக இருக்கணும், மீதி சுழியம் வரணும். வராவிட்டால் எங்கோ கூட்டலில் பிசகு, அல்லது ஒரு செலவு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறவில்லை.

ஆனால் இந்தச் சோதனையை முழுசாக நம்பிவிட வேண்டாம். மதியச் சாப்பாடு 2,280-ஐ சித்தி கொடுத்ததற்குப் பதிலாக அண்ணன் கொடுத்தது என்று எழுதியிருந்தாலும் மொத்தம் 30,930-தான், மீதி சுழியம்தான். சித்தி தர வேண்டிய தொகை மட்டும் 2,280 கூடிப் போயிருக்கும். ஆள் மாறிய தவறைக் கூட்டல் காட்டாது, அந்தந்த வீட்டுக்காரர்தான் காட்ட முடியும். ஒரு செலவை அடியோடு விட்டுவிட்டாலும் இதே கதைதான். அதனால் மெசேஜ் போடும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கொடுத்த வரிகளை மட்டும் தனியாக அனுப்பி, "ஜிபே ஹிஸ்டரியைப் பார்த்துச் சரியா சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். நாலு வரி என்றால் யாரும் பார்ப்பார்கள். முழுக் கணக்கையும் அனுப்பினால் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

யார் யாருக்கு?

அதிகம் தரணும் என்கிறவரை, அதிகம் வரணும் என்கிறவரோடு சேர்க்க வேண்டியதுதான். நாங்கள் 3,445-ஐ மாமாவுக்குத் தந்துவிட்டால் எங்கள் கணக்கு முடிந்தது, மாமாவுக்கு இன்னும் 162 வரணும். சித்தி தர வேண்டிய 1,452-ல் 162 மாமாவுக்கு, 1,290 அண்ணனுக்கு. மொத்தம் மூன்றே அனுப்பல்.

நாலு வீடு என்றால் மூன்றுக்கு மேல் தேவைப்படாது. எத்தனை வீடோ அதில் ஒன்று குறைவு, அவ்வளவுதான் அதிகபட்சம். உங்கள் கணக்கில் அதைவிட அதிகமாக வந்தால், ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகத் தீர்க்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். கருவாட்டுக்கு அண்ணன் மாமாவிடம் 450 தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அவர் பங்கில் ஏறி, அவருக்கு வர வேண்டியதில் கழிந்துவிட்டது. இதை அண்ணியிடம் நான் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் மாமாவுக்கு 450-ஐ அனுப்பியிருந்தால் கணக்கே புரண்டிருக்கும்.

தேதி எப்படி வைப்பது

'சீக்கிரம்' என்றோ 'இந்த வாரத்துக்குள்' என்றோ எழுதினால் அது தேதி இல்லை. நாளும் கிழமையும் சேர்ந்து ஒரே தேதி வேண்டும். தர வேண்டியவர்கள் கையில் பணம் வருகிற நாளைத் தாண்டி அது இருக்கணும். எனக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி, சித்திக்கு பென்ஷன் மாதக் கடைசியில். டூர் முடிந்தது ஜனவரி 25. அதனால் பிப்ரவரி 5, வியாழன் என்று வைத்தேன். பணம் தயாராக இருந்தாலும், திருத்தம் சொல்ல மூன்று நாளாவது விட்ட பிறகுதான் தேதி வரணும். இல்லையென்றால் ஒருவர் அனுப்பிய பிறகு தொகை மாறும், அப்புறம் திருப்பி அனுப்பு, மீதி அனுப்பு என்று இன்னொரு கணக்கு முளைக்கும்.

முன்பெல்லாம் யுபிஐ ஆப்பில் ஒருவருக்கு 'இவ்வளவு பணம் அனுப்பு' என்று கோரிக்கை அனுப்பலாம். ஆளுக்கு ஆள் கேட்கிற அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் தொகையும் தேதியும் மெசேஜிலேயே தெளிவாக இருந்தாகணும்.

மெசேஜ்

இதுதான் குரூப்பில் நான் போட்டது:

```
*ராமேஸ்வரம் கணக்கு (ஜனவரி 24, 25)*

*தர வேண்டியது, பிப்ரவரி 5 வியாழனுக்குள்*
1. நாங்கள் → மாமா: 3,445
2. சித்தி → மாமா: 162
3. சித்தி → அண்ணன்: 1,290

*கொடுத்தது / பங்கு*
மாமா: 13,200 / 9,593
அண்ணன்: 9,360 / 8,070
சித்தி: 4,220 / 5,672
நாங்கள்: 4,150 / 7,595
மொத்தம்: 30,930

*பிரித்த விதம்*
வேன், சாப்பாடு 23,080: 12 பங்கு
(அண்ணன் 3, மாமா 4, சித்தி 2, நாங்கள் 3)
ரூம்: வீட்டுக்கு 1,800
தீர்த்தம்: ஆடியவருக்கு 25
கருவாடு 450: அண்ணன் வீடு

திருத்தம் இருந்தால் புதன் (28) ராத்திரிக்குள் சொல்லுங்க.
பணம் வந்தவர் "வந்தது" என்று போடுங்க.
```

தர வேண்டியது மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளமான மெசேஜை வாட்ஸ்அப் மடித்துவிடும், கீழே உள்ளதைப் பார்க்க இன்னொரு முறை தட்டணும். எல்லோரும் தட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தொகையும் தேதியும் முதல் ஐந்தாறு வரிக்குள் வந்துவிட்டால் போதும். சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தாகத் தெரியும்.

எங்கள் வீட்டையே முதல் வரியில் போட்டதும் வேண்டுமென்றுதான். கணக்கு எழுதுகிறவரே பாக்கிக்காரராக முதலில் நின்றால், சித்திக்குக் கூச்சம் குறையும்.

போட்டவுடன் மெசேஜைப் பின் செய்துவிடணும். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு கேட்கும். 7 நாள் என்று வைத்தால் பிப்ரவரி 5 வருவதற்குள் கழன்றுவிடும். 30 நாளைத் தேர்ந்தெடுங்கள்.

திருத்தம் வந்தால்

அனுப்பிய 15 நிமிடத்துக்குள் என்றால் அதே மெசேஜை எடிட் செய்யலாம். அதற்குப் பிறகு முடியாது. அப்போது "மேலே உள்ளதில் அண்ணனுக்கு 1,290-க்குப் பதில் இவ்வளவு என்று படிக்கவும்" என்று ஒட்டு மெசேஜ் போடாதீர்கள். ஆளுக்கொரு மெசேஜைப் பார்த்துப் பணம் அனுப்புவார்கள். முழு மெசேஜையும் காப்பி செய்து, தலைப்பில் 'திருத்தம் 1' என்று சேர்த்து, புதிதாகப் போட்டு, அதைப் பின் செய்யணும். பழையதை எல்லோருக்கும் அழித்துவிடுவது நல்லது.

ஒருவர் அவகாசம் கேட்டால் அந்த ஒரு வரியில் மட்டும் புதுத் தேதி. எல்லோருக்கும் சேர்த்துத் தள்ளி வைத்தால் தயாராக இருப்பவர்களும் தள்ளிப் போடுவார்கள்.

பணம் வந்ததை வாங்கியவர்தான் சொல்லணும். அனுப்பியவர் "போட்டாச்சு" என்பது போதாது. மாமா என்று சேமித்த பெயரில் பழைய நம்பர் இருந்து, பணம் வேறொருவருக்குப் போன கதையும் எங்கள் குடும்பத்தில் உண்டு.

நான் ஒன்றாம் தேதியே அனுப்பினேன், மாமா "வந்தது" போட்டார். அண்ணனும் மூன்றாம் தேதி போட்டுவிட்டார். அந்த 162 மட்டும் ஐந்தாம் தேதி சாயங்காலம் வரை குரூப்பில் ஏறவில்லை. சித்திக்குப் போன் போட்டால், அவர் அனுப்பி இரண்டு நாள் ஆகிவிட்டதாம். மாமா உடனே கூப்பிட்டு, "எதுக்குத்தா இந்த நூத்தி அறுவது ரூவாயெல்லாம்" என்று தங்கையைத் திட்டினாராம். குரூப்பில் "வந்தது" போடச் சொல்லி நான் கேட்டதற்கு ஒரு சிரிப்பு பொம்மை வந்தது. அதை 'வந்தது' என்று எடுத்துக்கொண்டு பின்னைக் கழற்றினேன்.